‘பட்ஜெட் இல்லை’ என்றால், எந்த பட்ஜெட்?

2023 மே மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெள்ளா தன் ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மாதச் சம்பளம் வாங்கும் நிரந்தர ஊழியர்களுக்கு அந்த ஆண்டு சம்பள உயர்வு கிடையாது என்பதுதான் செய்தி. ஆனால் போனஸுக்கும் பங்கு ஒதுக்கீட்டுக்குமான பணம் தொடரும் என்று அதே மின்னஞ்சல் சொன்னது. பூட்டியது ஒரு பெட்டியை மட்டும்தான்.

2025-இல் டி.சி.எஸ். வழக்கமாக ஏப்ரலில் தரும் உயர்வைத் தள்ளிவைத்தது. ஜூலையில் ஏறக்குறைய 2 சதவீத ஊழியர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பிறகு செப்டம்பர் 1 முதல் சுமார் 80 சதவீத ஊழியர்களுக்கு, அதாவது இளநிலை, நடுநிலைப் படிகளில் இருப்பவர்களுக்கு, உயர்வு கொடுத்தது. ஒரே நிறுவனத்தில், ஒரே ஆண்டில், ஆள்குறைப்பும் சம்பள உயர்வும் பக்கத்துப் பக்கத்திலேயே நடந்தன.

அப்ரைசல் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இந்த இரண்டு சம்பவங்களிலிருந்தும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மேனேஜர் “இந்த வருஷம் பட்ஜெட் இல்லை” என்று சொன்னால் அது பெரும்பாலும் பொய்யாக இருக்காது. ஆனால் அது முழு விவரமும் ஆகாது. நிறுவனத்தின் சம்பளப் பணம் ஒரே பையில் கிடப்பதில்லை. ஆண்டு இன்க்ரிமென்ட்டுக்கு ஒரு தொகை, பதவி உயர்வுக்கு இன்னொரு தொகை, போனஸுக்கு வேறொன்று, சந்தை மதிப்பைவிட மிகவும் பின்தங்கியவர்களின் சம்பளத்தைச் சரிசெய்யச் சில நிறுவனங்களில் தனியாக ஒரு சிறு தொகை, ஆள் விலகினால் அந்த இடத்தை நிரப்ப மற்றொன்று. இவை வெவ்வேறு ஆட்களின் கையில், வெவ்வேறு மாதங்களில் முடிவாகின்றன. ஒன்று வற்றினால் மற்றவையும் வற்றித்தான் ஆக வேண்டும் என்று இல்லை.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஒரு நிலைமையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் நடுத்தர அளவுள்ள ஒரு மென்பொருள் நிறுவனம். அதில் எட்டு ஆண்டு அனுபவமுள்ள டெஸ்டிங் இன்ஜினியர் ஒருவர் வேலை செய்கிறார். அவருடைய சி.டி.சி. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய். டீமில் பத்துப் பேர், எல்லோர் சி.டி.சி.யையும் கூட்டினால் 1 கோடியே 20 லட்சம். இந்த ஆண்டு இன்க்ரிமென்ட்டுக்காக மேனேஜர் கையில் நிறுவனம் கொடுத்திருப்பது 6 சதவீதம், அதாவது 7 லட்சத்து 20 ஆயிரம்.

அவர் 20 சதவீத உயர்வு கேட்கிறார். அவரைப் பொறுத்தவரை அது நியாயமான எண். மேனேஜர் பார்வையில் அது 2 லட்சத்து 40 ஆயிரம், அதாவது பத்துப் பேருக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கொடுத்துவிட்டால் மற்ற ஒன்பது பேருக்கும் சராசரியாக நாலரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் போய்விட்டால் மேனேஜரின் பாடு திண்டாட்டம். அதனால் அவர் ‘இல்லை’ என்று சொல்லும்போது, கேட்டவரின் திறமையை அவர் எடைபோடவில்லை. தட்டில் இருப்பதைப் பங்கிடுகிறார், அவ்வளவுதான்.

எனவே கோரிக்கையை இன்க்ரிமென்ட் பணத்தின் மேல் வைப்பதே தவறான இடத்தில் வைப்பது. இந்த ஊழியரின் பேண்டுக்கு, அதாவது அவர் இருக்கும் படிக்கு, சம்பள வரம்பு 11 முதல் 17 லட்சம், நடு எண் 14 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாங்குவது நடு எண்ணில் 86 சதவீதம். ஹெச்.ஆர். துறை இந்த விகிதத்தை எல்லோருக்கும் கணக்கிட்டு வைத்திருக்கும். நல்ல ரேட்டிங் வாங்கிய எட்டு ஆண்டு அனுபவசாலி ஒருவர் நடு எண்ணுக்கு இவ்வளவு கீழே இருப்பது, ‘போய்விடக்கூடிய ஆள்’ என்பதற்கான அறிகுறியாக அவர்கள் கண்ணில் படும். அடுத்த படியின் குறைந்தபட்சச் சம்பளம் 13.5 லட்சம் என்றால், பதவி உயர்வு கிடைத்த நாளிலேயே அவரைக் குறைந்தது அந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அது பன்னிரண்டரை சதவீத உயர்வு. அந்தப் பணம் டீமின் 7 லட்சத்து 20 ஆயிரத்திலிருந்து போகாது. பதவி உயர்வுக்கான தனிக் கணக்கிலிருந்து வரும். மேனேஜருக்கு இப்போது கையைப் பிசைய வேண்டிய அவசியம் இல்லை. மேலே போய் வாதாட வேண்டிய வேலைதான் இருக்கிறது.

அந்த வாதம் நடக்கும் இடம் ஊழியர் கண்ணில் படுவதே இல்லை. மேனேஜர்கள் தங்கள் டீமுக்கு ரேட்டிங் போட்டு முடித்ததும், பல டீம்களின் மேனேஜர்களும் அவர்களுக்கு மேலே இருப்பவரும் ஹெச்.ஆர். ஆளும் ஒன்றாக உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும் ஒப்பிடுவார்கள். ஐ.டி. வட்டாரத்தில் இதை நார்மலைசேஷன் என்பார்கள். ‘பெல் கர்வ்’ என்று ஊழியர்கள் கசப்போடு சொல்வது இங்கேதான் வேலை செய்கிறது: முதல் ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான், இரண்டாவது இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்பு. மைக்ரோசாஃப்ட் இப்படிக் கட்டாயமாக வரிசைப்படுத்துவதை 2013-லேயே கைவிட்டது. ஆனால் பணத்துக்கு வரம்பு இருக்கும்வரை, பெயர் எதுவானாலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த ஒப்பீடு நடக்கத்தான் செய்கிறது. ஒரு பெயருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். “நல்லா வேலை செய்வாங்க, டெடிகேட்டட்” என்று ஒரு மேனேஜர் சொன்னால், எதிரே இருப்பவரும் தன் ஆளைப் பற்றி அதையேதான் சொல்வார். அந்தச் சில நிமிடங்களில் சொல்ல மேனேஜர் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நம் உதாரண ஊழியர் ஒரு வேலை செய்திருக்கிறார். ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் ஐந்து பேர் ஆறு நாள் உட்கார்ந்து பழைய வசதிகளை எல்லாம் கையால் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதில் பெரும்பகுதியைத் தானாக ஓடும்படி மாற்றினார். முப்பது ஆள்-நாள் வேலை பன்னிரண்டாகக் குறைந்தது. ஒரு ரிலீஸுக்கு 18 ஆள்-நாள் மிச்சம். ஆண்டுக்குப் பத்து ரிலீஸ் என்றால் 180. ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளத்தை 240 வேலைநாளால் வகுத்தால் நாளுக்கு 5,000 ரூபாய். மொத்தம் 9 லட்சம். அலுவலக இடம், கணினி, நிர்வாகச் செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு நாளின் உண்மையான செலவு இன்னும் கூடும். இருந்தாலும் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதே நல்லது. குறைத்துச் சொன்ன எண்ணை நிதித்துறையில் யாரும் மறுத்துப் பேச முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, ஐ.டி. சேவைத் துறையில் பலர் இதில் விழுகிறார்கள். அந்தப் புராஜெக்ட் முன்கூட்டியே பேசி முடித்த நிலையான தொகைக்கு நடப்பதாக இருந்தால், மிச்சமான 180 நாளும் நிறுவனத்துக்கு லாபம். ஆனால் ஆள்-மணிக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் பில் போடும் ஒப்பந்தமாக இருந்தால், அதே 180 நாள் நிறுவனத்தின் வருமானத்தில் விழுந்த துண்டு. “வேலையைக் குறைத்தேன்” என்று பெருமையாகச் சொன்னால் மேலே இருப்பவர் முகம் சுளிக்கலாம். அங்கே சொல்ல வேண்டிய விஷயம் வேறு. மிச்சமான நாட்களில் டீம் புதிதாக எதைச் செய்து கொடுத்தது, அதைப் பார்த்து வாடிக்கையாளர் கூடுதல் வேலை கொடுத்தாரா, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அது பேச்சில் வந்ததா என்பவைதான் அங்கே எடுபடும். அதனால் தன் புராஜெக்ட் எந்த வகையில் பணம் சம்பாதிக்கிறது என்பது தெரியாமல் யாரும் தன் பங்களிப்பைக் கணக்குப் போட முடியாது. மேனேஜரிடமே கேட்கலாம்; பெரும்பாலும் மறைக்காமல் சொல்வார்கள்.

அடுத்தது காலம். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டைப் பின்பற்றும் நிறுவனங்களில், அடுத்த ஆண்டுக்கான செலவுத் திட்டம் ஜனவரி, பிப்ரவரியிலேயே உருவாகத் தொடங்கிவிடும். பதவி உயர்வுக்கான பெயர்ப் பட்டியல் பல இடங்களில் அதற்கும் முன்பே கேட்கப்படும். சுயமதிப்பீட்டுப் படிவம் மார்ச்சில் வரும்போதும், மேனேஜர் ஏப்ரலிலோ மே மாதத்திலோ அழைத்துப் பேசும்போதும், பணம் எங்கே போகிறது என்பது பெரும்பாலும் எழுதி முடிந்திருக்கும். அந்தக் கூட்டம் முடிவு எடுக்கும் கூட்டம் இல்லை, முடிவைச் சொல்லும் கூட்டம். கோரிக்கையை அங்கே முதல்முறையாக எடுப்பவருக்கு, மேனேஜர் விரும்பினாலும் உதவ வழியில்லை. பணம் தாராளமாக இருந்த ஆண்டுகளில், கடைசி நேரத்தில் கேட்டவருக்கும் கொஞ்சம் ஒட்டுப்போட்டுக் கொடுக்க முடிந்தது. இறுக்கமான ஆண்டில் அந்த ஓரத்துணி இருக்காது.

ஆகவே நம் ஊழியர் டிசம்பரிலேயே அரை மணி நேரம் கேட்டு வாங்குகிறார். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

“அடுத்த வருஷம் ரோல் பத்திக் கொஞ்சம் பேசணும். ரிலீஸ் டெஸ்டிங் முழுசையும் இப்ப நான்தான் பாத்துக்கிறேன். பக்கத்து டீமும் நம்ம செட்டப்பையே கேக்கிறாங்க. லீட் பேண்டுக்கு என் பேரைக் கொடுக்க முடியுமான்னு தெரிஞ்சுக்கணும்.”

“நல்லா பண்றீங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா இந்த வருஷம் பட்ஜெட் ரொம்ப டைட்.”

“புரியுது. டைட்னு சொல்றது இன்க்ரிமென்ட்டுக்கா, புரமோஷனுக்குமா?”

இந்தக் கேள்வியில் சண்டை இல்லை, குறை சொல்வதும் இல்லை. ஆனால் மேனேஜர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். “புரமோஷன் லிஸ்ட் இன்னும் மூடல, ஆனா நம்ம யூனிட்டுக்கு ரெண்டே இடம்தான்” என்று சொன்னால், அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. அந்த இரண்டு இடத்துக்கு யார் முடிவெடுப்பார், அவர் எதைப் பார்ப்பார், அவருக்கு இந்த வேலையைப் பற்றித் தெரியுமா என்று பேச்சு நகரும். “எல்லாமே ஃப்ரீஸ்” என்று சொன்னால் அதுவும் தகவல்தான். ஏப்ரல் வரை வீணாக நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. பேசி முடித்த பிறகு, ஒரு பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஒன்றை மேனேஜருக்கு அனுப்ப வேண்டும்: செய்த வேலை, அதன் கணக்கு, கேட்கும் படி, அந்தப் படியில் எதிர்பார்க்கப்படுபவற்றில் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவை. நார்மலைசேஷன் அறைக்குள் மேனேஜர் எடுத்துப்போகப்போவது அந்தப் பக்கம்தான்.

சம்பளத்தோடு பெரிய பொறுப்பும் கேட்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பணம் இல்லாத ஆண்டில் நிறுவனங்கள் பொறுப்பைத் தாராளமாகக் கொடுக்கும். விலகிப் போனவரின் வேலை யார் தலையிலாவது ஏறத்தான் வேண்டும்; ‘லீட்’ என்ற பட்டத்தோடு ஏறினால் வாங்கிக்கொள்பவருக்கும் மகிழ்ச்சி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பழைய வேலையில் ஒன்றும் குறைந்திருக்காது, புதிய வேலை மேலே ஏறியிருக்கும், சம்பளம் அசைந்திருக்காது, பேண்டும் மாறியிருக்காது. பட்டம் மாறுவதும் பேண்ட் மாறுவதும் ஒன்றல்ல. ஹெச்.ஆர். பதிவேட்டில் படி மாறினால்தான் அடுத்த சம்பளக் கணக்கு புதிய வரம்பிலிருந்து தொடங்கும். மின்னஞ்சலின் அடியில் போட்டுக்கொள்ளும் பதவிப் பெயர் எந்தக் கணக்கையும் மாற்றாது.

அதனால் பொறுப்பை ஏற்கும்போதே சில விஷயங்களைப் பேசி எழுத்தில் வாங்கிவிட வேண்டும். எத்தனை பேர் இவருக்குக் கீழே வருகிறார்கள், அவர்களுடைய ரேட்டிங்கை இவர் போடுவாரா? எந்த முடிவுகளை மேலே கேட்காமல் இவரே எடுக்கலாம்? பழைய வேலையில் எதை யாரிடம் கொடுத்துவிட்டு வருகிறார்? எல்லாவற்றுக்கும் மேலாக, படியும் சம்பளமும் எந்த மாதம் மாறும்? கடைசிக் கேள்விக்கு “பாத்துக்கலாம்” என்ற பதிலை ஏற்கவே கூடாது. பல நிறுவனங்களில் ஏப்ரல் சுற்றைத் தவிர அக்டோபரில் ஒரு சிறிய சுற்றும் உண்டு. ஏப்ரலில் பணம் இல்லை என்பவர் அக்டோபரைச் சொல்ல முடியும். அதையும் சொல்லத் தயங்கினால், எதை முடித்தால் அக்டோபர் என்று கேட்கலாம். அளந்து பார்க்கக்கூடிய இரண்டு விஷயங்களை அவர் சொன்னால் அது உண்மையான வாக்குறுதி. “இன்னும் கொஞ்சம் விசிபிலிட்டி வேணும்” என்று சொன்னால் அது மரியாதையாகச் சொன்ன மறுப்பு.

நம் உதாரணத்தில் மேனேஜர் இப்படி ஒத்துக்கொள்கிறார் என்று வைப்போம்: ஏப்ரலில் எல்லோரையும் போல 6 சதவீதம், ஆக 12 லட்சத்து 72 ஆயிரம். பக்கத்து டீமின் டெஸ்டிங்கையும் செப்டம்பருக்குள் தானாக ஓடும்படி மாற்றிக் கொடுத்தால் அக்டோபர் 1 முதல் லீட் பேண்ட், 13.5 லட்சம். அன்றைக்கே ஊழியர் ஒரு மின்னஞ்சல் எழுதுகிறார். ‘இன்று பேசியபடி நான் புரிந்துகொண்டது இது, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்’ என்று நான்கு வரி. இது சட்டப்படியான ஒப்பந்தம் ஆகாது. ஆனால் மே மாதத்தில் அந்த மேனேஜர் வேறு யூனிட்டுக்கு மாறிப்போனால், வாய்ப்பேச்சு அவரோடு போய்விடும். புதிதாக வருபவரிடம் காட்ட அந்த மின்னஞ்சல் இருக்கும். இறுக்கமான காலத்தில் மேனேஜர்கள் மாறுவது அடிக்கடி நடப்பது.

கொடுக்கும் தொகை எந்த வடிவில் வருகிறது என்பதும் பேச வேண்டியதுதான். சி.டி.சி.யில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் உயர்ந்தால் நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் உயரும், அது சி.டி.சி.க்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டிக்காகப் பல நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதத்தை அதற்குள் காட்டுகின்றன. உயர்வில் பெரும்பகுதியை வேரியபிள் பேயில் போட்டால், நிறுவனம் நன்றாக ஓடாத ஆண்டில் அது பாதியாகவும் வரலாம். பட்ஜெட் இறுகிய ஆண்டில் வேரியபிளில் போடுவது நிறுவனத்துக்கு எளிது. அதனால் கடந்த இரண்டு ஆண்டுகளில் வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது என்று கேட்டுவிட்டு ஏற்பது நல்லது.

இதே சம்பள அளவில் வருமான வரியும் ஒரு வேலை செய்கிறது. 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில், மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வரி இல்லை. அதைத் தாண்டியதும், ஏறக்குறைய 13 லட்சத்து 45 ஆயிரம் வரை, தாண்டிய தொகை அநேகமாக முழுவதும் வரியாகவே போய்விடும். அடிப்படைச் சம்பளம் சி.டி.சி.யில் பாதி, பி.எஃப். அதில் முழு 12 சதவீதம் என்று கொண்டால், 13.5 லட்சம் சி.டி.சி.யில் நம் ஊழியரின் மொத்தச் சம்பளம் சுமார் 12 லட்சத்து 36 ஆயிரம். வரி இல்லை. அவர் பேரம் பேசி 14.5 லட்சம் வாங்கியிருந்தால் மொத்தச் சம்பளம் 13 லட்சத்து 28 ஆயிரத்தைத் தொடும். அதில் கடைசி 53 ஆயிரமும் வரியிலேயே கரைந்துவிடும். அந்த இடைவெளியில் இருப்பவர், உயர்வின் ஒரு பகுதியை நிறுவனம் தன் பேரில் என்.பி.எஸ். கணக்கில் செலுத்தும் தொகையாகக் கேட்கலாம். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை அதற்குப் புதிய முறையிலும் வரிக்கழிவு உண்டு. நிறுவனத்துக்குக் கூடுதல் செலவில்லை என்பதால் பட்ஜெட் பேச்சே அங்கே எழாது.

எப்போது கேட்காமல் இருப்பது நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் முடிவுகளை ஊழியரும் படிக்கலாம். லாப விகிதம் குறைகிறதா, ஆள் எண்ணிக்கை குறைகிறதா என்பது அதில் இருக்கும். சிறிய நிறுவனங்களில் அறிகுறிகள் இன்னும் வெளிப்படை: சம்பளம் ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்கு நழுவுகிறது, கேப் நிறுத்தப்படுகிறது, விலகியவரின் இறுதிக் கணக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. அங்கே பதவி உயர்வு கேட்பதைவிட, தன் புராஜெக்ட் எப்போது முடிகிறது, அதற்குப் பின் எங்கே போகிறோம் என்று கேட்பதுதான் அவசரம். புராஜெக்ட் முடிந்து அடுத்த வேலை கிடைக்காமல் ‘பெஞ்ச்’சில் உட்கார்ந்திருப்பவர் கேட்பதற்கும், வாடிக்கையாளர் பெயர் சொல்லித் தேடும் ஒருவர் கேட்பதற்கும் ஒரே எடை கிடைக்காது.

வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம், வாடகை உயர்வு போன்ற காரணங்களைச் சொல்லிக் கேட்பவர்கள் நிறையப் பேர். கஷ்டம் உண்மைதான், கேட்கும் மேனேஜரின் மனமும் இளகும். ஆனால் மேலே போய் அவர் சொல்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளத்தை மேற்கோள் காட்டுவது இன்னும் மோசம். பேச்சு உடனே உங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்ற பக்கம் திரும்பிவிடும்.

வெளியிலிருந்து வேலைக் கடிதம் வாங்கி வந்து மேசையில் வைப்பது நல்ல காலங்களில் பலருக்கும் பலித்த வழி. இறுக்கமான ஆண்டில் அதன் விளைவு தலைகீழாகலாம். ஆட்களைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும் யூனிட்டுக்கு, தானாகப் போகிறேன் என்பவர் வேலையை எளிதாக்குகிறார். இந்திய ஐ.டி. நிறுவனங்களில் 90 நாள் நோட்டீஸ் பரவலான நடைமுறை. அந்த மூன்று மாதத்துக்குள் புதிய நிறுவனமும் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டால் இரண்டு பக்கமும் இல்லை. உண்மையிலேயே போகத் தயாராக இருப்பவர் மட்டும்தான் அந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும். மற்றவர்களுக்குச் சந்தை நிலவரம் வேண்டுமென்றால், ஆள் சேர்க்கும் ஏஜென்சிகளிடம் பேசி அந்தப் பேண்டுக்கு இப்போது என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அந்த எண்ணை மிரட்டல் இல்லாமல் மேனேஜரிடம் சொன்னாலே போதும்.

இனி அக்டோபர். நம் ஊழியர் பக்கத்து டீமின் வேலையைச் செப்டம்பரில் முடித்துவிட்டார். கடிதம் வரவில்லை. அவர் செய்ய வேண்டியது, ஏப்ரலில் அனுப்பிய அந்த நான்கு வரி மின்னஞ்சலுக்கே மறுமொழியாக, முடித்த வேலையின் விவரத்தைச் சேர்த்து, மேனேஜருக்கும் ஹெச்.ஆர். ஆளுக்கும் அனுப்புவது. தேதி தள்ளிப்போகிறது என்றால் புதிய தேதியையும், இடைப்பட்ட மாதங்களுக்கான தொகை பின்தேதியிட்டு வருமா என்பதையும் அதிலேயே கேட்கலாம். இரண்டாவது தேதியும் காரணம் சொல்லப்படாமல் கடந்துபோனால், அடுத்த டிசம்பர் வரை காத்திருக்காமல் அந்த ஒரு பக்கக் குறிப்பை வெளியே வேலை தேடும் விண்ணப்பமாக மாற்றி எழுதத் தொடங்கலாம். அதில் இருக்கும் கணக்குகள் அங்கேயும் அப்படியே செல்லும்.